சுவரைப் பார்த்துச் சொன்ன பலன்

ஜோசியம் தெரிந்தவனைவிட, தெரிந்ததாக நினைத்துக்கொள்பவனுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி. நான் இரண்டாவது ரகம். கடலூரில் நாலு புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே கற்றவன். (கற்றுவிட்டதாக நானே அறிவித்துக்கொண்டவன்.)

போன வருஷம் சிதம்பரத்திலிருந்து என் மச்சான் கூப்பிட்டார். அவர் மகள் கயலுக்குப் புனேயில் வேலை கிடைத்திருந்தது. மறுநாளே பதில் சொல்ல வேண்டும். மச்சான் மனைவி செல்வியோ, ஜாதகம் சரியென்றால்தான் அனுப்புவேன் என்று நின்றுவிட்டார்.

நான் போய் உட்கார்ந்ததும் கயல் ஒரு பழைய தாளை நீட்டினாள். பெயர் இருந்த பக்கம் மடிந்திருந்தது. கட்டம் மட்டும் தெரிந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததெல்லாம் செல்வியின் முகத்தை.

"வீட்டுல ஒருத்தருக்குத் தூக்கமே இல்ல," என்றேன். (எந்த வீட்டில் இருக்கிறது?) செல்வி கண்ணைத் துடைத்தார்.

"வயித்துல ஏதோ..." முகம் அசையவில்லை. "வயிறு இல்ல, தலவலி."

"ஆமாண்ணே, ஒரு வாரமா."

வயிறு தப்பிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

"வெளியூரு..." என்று இழுத்தேன். செல்வியின் உதடு துடித்தது. "இப்ப வேணாம்," என்று முடித்தேன்.

"அப்புடியே புட்டு வச்சிட்டாரு," என்றார் செல்வி.

கயல் தாளின் மடிப்பைப் பிரித்தாள். "மாமா, இது யாரு ஜாதகம்னு பாருங்க."

என் பெயர். என் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து இவர்களுக்குக் கொடுத்த தாள்.

"ஏன் மாப்ள, ஒங்க கட்டமே ஒங்களுக்குத் தெரியலியா?" என்றார் மச்சான்.

கயல் விடவில்லை. தன் ஜாதகத்தைக் கொடுத்தாள். "சுவரப் பாத்து ஒக்காருங்க. யாரும் பேச மாட்டோம். எந்தக் கிரகத்த வச்சு சொல்றீங்கன்னும் எழுதுங்க. எழுதுனத அடிக்கக் கூடாது."

கால் மணி நேரம் வியர்த்தேன். சுண்ணாம்புச் சுவர் கண்ணைத் துடைக்கவுமில்லை, தலையாட்டவுமில்லை. கடைசியில் இரண்டே வரி தேறியது. ரிஷப லக்னம், மூன்றுக்குரிய சந்திரன் லக்னத்தில் உச்சம், தம்பி உண்டு. (அவளுக்குத் தம்பி இல்லையென்று எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அடிக்கக் கூடாதே.) பத்துக்குரிய சனி பன்னிரண்டில். வேலை ஊரைவிட்டுத் தூரத்தில்.

கயல் சத்தமாகப் படித்தாள். "எனக்குத் தம்பி இல்ல. ஒண்ணு தப்பு. ரெண்டாவது இனிமேதான் தெரியும்."

செல்வி என்னைப் பார்த்தார். "அப்ப போவ வேணாம்னு சொன்னது எந்தக் கிரகம்ணே?"

"நீதாம்மா," என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே நேர்மையான பலன் அதுதான்.

"என் பயத்துக்கு எதுக்கு சனியப் புடிச்சி இழுக்கணும்," என்று செல்வி எழுந்துபோய்ப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார்.

கயல் புனேயில் இருக்கிறாள். எனக்குத்தான் சிதம்பரத்தில் தொழில் போய்விட்டது. அங்கே நான் யாரையாவது கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், மச்சான் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "செல்வி, மாப்ள ஆரம்பிச்சிட்டாரு. எல்லாரும் மொகத்த மூடிக்குங்க."