சாமிக்கு ஆறுதல் சொல்லப் போனேன்

பிள்ளைகளே, உங்கள் அப்பாவுக்குத் தெரியாத விஷயங்கள் உலகத்தில் நிறைய உண்டு. அதில் வெட்கமில்லை. தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி நாலு பக்கம் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, தபால்பெட்டியில் போட்டதுதான் வெட்கம். அதை நான் ஒரே ஒரு தடவைதான் செய்தேன். அதற்கே ஆயுசுக்கும் பேர் கிடைத்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவைக் கட்டி ஒரு வருஷம். பெங்களூர் அல்சூரில் நம் தெருக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பஜனை மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டட மேஸ்திரி முனுசாமி அண்ணன்தான் எங்கள் பஜனை மண்டலிக்குத் தலைவர். செங்கல் சுமந்ததிலிருந்து சாந்து குழைத்தது வரை எல்லாம் எங்கள் கை. வேலை விட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை லீவையும் விட்டு, மூன்று வருஷம் கட்டினோம். நான் செயலாளர். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டியே இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு பெரிய சாமி பெங்களூரில் வந்து தங்கியிருந்தார். துறவிகள் மழைக்காலத்தில் ஊர் ஊராகப் போகாமல் ஒரே இடத்தில் தங்கிவிடுவார்கள். சாம்ராஜ்பேட்டையில் ஒரு பெரிய வீட்டில் அவருக்கு முகாம். அவரே வந்து மண்டபத்தைத் திறக்க வேண்டும் என்று மேஸ்திரி அண்ணன் நாலு முறை நடையாய் நடந்து, அவர் வாயால் "பார்க்கலாம்" என்ற சொல்லை வாங்கி வந்திருந்தார். அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் தெருவே பொங்கல் வைத்தது.

அந்தச் சமயத்தில்தான் சாமியின் தாயார் ஊரில் காலமான செய்தி வந்தது. மேஸ்திரி அண்ணன் வேலையிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"டேய், மண்டலி சார்பா ஒரு அனுதாபக் கடுதாசி போட்ருடா. நல்லா கண்ணுல தண்ணி வர்ற மாதிரி எழுது."

"நீங்க கவலைய வுடுங்கண்ணே. படிச்சா சாமியே அழுவணும்" என்றேன் நான். (இந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.)

என்னிடம் கடிதம் எழுதக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்று இருந்தது. வேலை கேட்டு எழுத, மாமனாருக்கு எழுத, கடன் கேட்டவனுக்கு இல்லை என்று எழுத என எல்லாவற்றுக்கும் மாதிரி இருக்கும். "தாயை இழந்த நண்பருக்கு" என்ற பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டேன். நம் வழக்கமும் எனக்கு நன்றாகத் தெரியும். சாவு வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் பிள்ளையார் சுழி போடக் கூடாது. "நலம், நலமறிய அவா" கூடாது. தீட்டுக்காரருக்கு நமஸ்காரம் சொல்லக் கூடாது. கடிதத்தின் நாலு மூலையிலும் கறுப்பு மை தடவ வேண்டும். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தேன். கவரின் மூலைக்கும் தடவினேன். கொஞ்சம் தாராளமாகவே தடவிவிட்டேன். தூரத்திலிருந்து பார்த்தால் கவர் தீப்பிடித்து அணைந்த மாதிரி இருந்தது.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, சாமியாருக்குக் கூடவா தீட்டு?"

"பெத்த தாய் செத்தா தீட்டு இல்லாம போயிடுமா? உனக்கு இதெல்லாம் புரியாது, நீ ரசத்த பாரு" என்றேன்.

புத்தகத்தில் இருந்தது தீர்ந்த பிறகு, என் சொந்தச் சரக்காக இரண்டு விஷயம் சேர்த்தேன். முதலாவதுதான் வெடிகுண்டு. நம் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால் மகன் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியத்தில் முன்னால் நிற்க மாட்டான் இல்லையா? சாமியைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று நானே முந்திக்கொண்டேன்: "ஒரு வருட காலம் தாங்கள் சுபகாரியங்களில் கலந்துகொள்ள இயலாது என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே எங்கள் மண்டபத் திறப்பு விழாவுக்குத் தாங்கள் வர வேண்டியதில்லை."

மேஸ்திரி அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார். கண்ணை மூடிக்கொண்டு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை துக்கம் கேட்க மண்டலியிலிருந்து இருபது பேர் சாம்ராஜ்பேட்டைக்குப் போனோம். வீட்டுக் கூடம் நிறைய ஜனம். கன்னடக்காரர்கள், தமிழர்கள், வக்கீல்கள், கடைக்காரர்கள் எல்லாரும் வரிசையில் போய் விழுந்து கும்பிட்டார்கள். சாமி ஒவ்வொருவருக்கும் "நாராயண, நாராயண" என்று சொல்லி, கையில் தீர்த்தம் விட்டார்.

எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் நின்ற தொண்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏங்க, தீட்டு நேரத்துல தீர்த்தம் குடுக்கறாரே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தீட்டா? சந்நியாசிக்கு ஏதுப்பா தீட்டு? சந்நியாசம் வாங்கற அன்னிக்கே தனக்குத் தானே கர்மம் பண்ணிட்டுத்தான் வர்றாங்க. அம்மா போன சேதி கேட்டதும் ஒரு முழுக்கு போட்டார், அவ்வளவுதான். மறுநாள் பூஜை வழக்கம் போல நடந்தது. காரியமெல்லாம் ஊர்ல தம்பி பாத்துக்கறார்."

"அப்போ... வெளி விசேஷத்துக்கெல்லாம் போவாரா?"

"ஏன் போகாம? அடுத்த மாசம் அல்சூர்ல ஏதோ மண்டபத் திறப்பு கூட இருக்காமே."

கடிதம்! எப்படியாவது அதைப் பிடுங்கிவிட வேண்டும்! கூட்டத்தின் தலைகளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். சாமிக்கு வலது பக்கத்தில் மடத்து மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதில் அந்த வாரம் வந்த தபால்கள். நடுவில் கருகிய முனையோடு துருத்திக்கொண்டு என் கவர்!

நமஸ்காரம் செய்கிற சாக்கில் முன்னால் போனேன். தாம்பாளத்துக்கு நேராக விழுந்தேன். எழுந்திருக்கும்போது கையை நீட்டினேன். விரல் கவரைத் தொட்டுவிட்டது! படீரென்று புறங்கையில் ஓர் அடி. மேனேஜர் விசிறிக் காம்பால் போட்டார்.

"ஏய்! என்ன இது? ஸ்வாமி தபாலை எடுக்கறியே! போய் உட்காரப்பா அங்கே!"

மேஸ்திரி அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இன்னாடா அவசரம்? நம்ம கடுதாசிய படிப்பாரு இரு. சத்தமா படிப்பாராம். எல்லாரும் கேப்பாங்க!" என்றார் பூரிப்பாக.

மேனேஜர் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு பெரிய அதிகாரி எழுதியிருந்தார்: "ஸ்ரீசரணங்களில் அனேக கோடி நமஸ்காரம். பூர்வாசிரமத் தாயார் இறைவன் திருவடி சேர்ந்ததை அறிந்தோம். இப்படிப்பட்ட ஞானியைப் பெற்ற புண்ணியவதிக்கு மறுபிறவி ஏது? ஆத்மா அழிவற்றது." சந்நியாசிக்கு இப்படித்தான் எழுத வேண்டுமாம். பூர்வாசிரமம் என்றால் துறவுக்கு முந்திய வாழ்க்கை. "உங்கள் அம்மா" என்று கூடச் சொல்லக் கூடாது! நான் எத்தனை முறை சொல்லியிருந்தேன் என்று மனசுக்குள் எண்ணினேன். பதினொன்று.

அடுத்தடுத்துப் பத்துக் கடிதம். பத்திலும் ஆத்மா அழியவில்லை. சாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேனேஜர் என் கவரை இரண்டு விரலால் தூக்கினார், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

"அன்புள்ள ஐயா" என்று ஆரம்பித்தார். கூடத்தில் சலசலப்பு. நமஸ்காரமே காணோம்! "தங்கள் அம்மா இறந்த செய்தி கேட்டு இடி விழுந்தது போலானோம். தங்களுக்கும், தங்கள்... தங்கள்..."

மேனேஜர் நிறுத்திவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏன் நிறுத்தறேள்? படியுங்கோ" என்றார் சாமி.

"தங்கள் மனைவி மக்களுக்கும் எங்கள் ஆழ்ந்த அனுதாபம்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அதை இருமலாக்கினார்கள். (புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது! புத்தகம் எழுதியவருக்கு நண்பர் சந்நியாசியாக இருப்பார் என்று தோன்றவில்லை.)

மேனேஜர் விடாமல் படித்தார். திறப்பு விழாவுக்குத் தாங்கள் வர வேண்டியதில்லை என்பதையும் தெளிவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"அடப்பாவி" என்றார் மேஸ்திரி அண்ணன், அழுகிற குரலில். "மூணு வருசம்டா... மூணு வருசம்!"

"இன்னும் இருக்கு" என்றார் மேனேஜர். கடைசிப் பத்தி. அது என் சொந்தச் சரக்கில் இரண்டாவது.

"ஐயா, பெரிய மனிதர் என்று நினைத்து அழுகையை அடக்காதீர்கள். என் அம்மா செத்தபோது எனக்கு ஒரு நாள்தான் லீவு. மறுநாள் தறிக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தங்களைச் சுற்றி எப்போதும் அமைதியாக ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தாங்கள் எங்கே போய் அழுவீர்கள் என்று நினைத்துத்தான் வருத்தமாக இருக்கிறது."

மேனேஜரின் குரல் கடைசியில் இறங்கிவிட்டது. சாமி கண்ணைத் திறந்தார்.

"அந்தக் கடைசியை இன்னொரு தரம் படியுங்கோ."

படித்தார். சாமி மேல்துண்டால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு, "எழுதினது யார்?" என்றார்.

நான் எழுந்தேன். எழுந்தேன் என்பதைவிட, மேஸ்திரி அண்ணன் தூக்கி நிறுத்தினார் என்பதுதான் சரி.

"சாமி, தப்பா எழுதிட்டேன். எனக்கு வழக்கம் தெரியாது. நம்ம ஜனங்க மூணு வருசமா கை நோவக் கட்டின மண்டபம் சாமி. என்ன வேணா சொல்லுங்க, அவங்கள வுட்றாதீங்க."

"என் மனைவி மக்களைக் கேட்டீரே, உமக்கு?"

"மனைவி மட்டும் சாமி. மக்க... இன்னும் இல்ல."

கூடமே கொல்லென்று சிரித்தது. சாமியும் சிரித்தார், தோள் குலுங்க. "திறப்புக்கு வராதேன்னு எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதினதில்லை" என்றார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "அல்சூர் தேதியைக் குறிச்சுக்கோங்கோ. இவர் வராதேன்னாலும் நான் போறேன்."

மேஸ்திரி அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்தார். பிடியைத் தளர்த்தாமலே முதுகில் ஒரு குத்து விட்டார். இரண்டும் மனசாரத்தான்.

சாமி வந்தார். மண்டபம் திறந்தது. தெரு நெடுக மாவிலை, மேளம், ஜனம்! அடுத்த வருஷமே உங்கள் பெரிய அண்ணன் பிறந்தான். சாமி கேட்ட நேரம் என்று தெருவில் சொன்னார்கள்.

ஆனால் நான் அன்றோடு யாருக்கும் அனுதாபக் கடிதம் எழுதுவதில்லை. கோலாரோ, ஆம்பூரோ, குடியாத்தமோ, சாவுச் சேதி வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு நேரில் கிளம்பிவிடுவேன். "ஒரு கார்டு போட்டா போதாதா, ஏன் இந்த மனுஷன் ரயிலேறி ஓடறார்?" என்று நீங்கள் கேட்பீர்களே, இதுதான் காரணம். போன மாதம் ஜோலார்பேட்டைக்குக் கிளம்பியபோது கூட, உங்கள் அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் என்னை நிறுத்தினாள். சட்டைப் பையைத் தடவி, பேனாவை உருவி எடுத்துக்கொண்டாள்.

"இப்ப போங்க" என்றாள்.