சங்கு ஊதியது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசியோடு சொல்லிக்கொள்வது. இங்கு நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், பிடிவாதக்காரனை நோய் அண்டாது. சொல்வது நான், எழுதுவது என் பேத்தி. முப்பத்தெட்டு வருஷம் பேசாதவன் எதற்குக் கடிதம் போடுகிறான் என்று முழிக்காதே. மன்னிப்புக் கேட்கத்தான்.

பேத்திக்குப் பள்ளிகளுக்கு இடையே பேச்சுப்போட்டி. ‘வரலாறு படிப்பது இன்றும் எதற்கு?’ என்பது தலைப்பு. ஐந்து நிமிஷம், தாளைப் பார்க்கக் கூடாது, நாலாம் நிமிஷம் எச்சரிக்கை மணி, தாண்டினால் மதிப்பெண் போச்சு. முதல் இரண்டு பேர்தான் அடுத்த சுற்றுக்குப் போகலாம். அவள் முதலில் எழுதியதெல்லாம் ராஜாக்களும் வருஷங்களும், கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போனேன். அவளுடைய வரலாற்று டீச்சரும், “இது பாடப்புத்தகம்மா, பேச்சு இல்ல. உங்க வீட்டுல எதுவுமே நடக்கலையா?” என்றாராம். விடுவேனா? வெள்ளத்தன்று நாலு பத்துக்கு நான் ஆலைச் சங்கை ஊதி நூற்றுப் பன்னிரண்டு பேரை வெளியேற்றியதை, மேஸ்திரியின் இடது செருப்பு மிதந்தது வரைக்கும் அவிழ்த்துவிட்டேன். அதற்கும் டீச்சர் மசியவில்லை. ஒரு வாய் சொன்னால் கதை, இன்னொரு சாட்சியோடு ஒத்துப்பார்த்தால்தான் வரலாறு என்று இவளை ஆலை ஆபீசுக்கு விரட்டிவிட்டார். கரையான் தின்றது போக மிஞ்சிய பதிவேட்டில், சங்கு ஊதியவர் என்ற இடத்தில் உன் பெயர்.

தொங்கிய முகத்தோடு வந்து, “தாத்தா, மறைச்சிடவா?” என்றாள். உள்ளதைச் சொல் என்று வீரமாகச் சொல்லிவிட்டு இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. ஆனால் அவள் கண்ணாடி முன்னால் பேசிப் பேசி, பேச்சு முழுக்க என் காதில் ஏறிவிட்டது. எழுத்தறியாதவனுக்குக் காதுதானே ஏடு.

போட்டியில் குலுக்கல்படி ஏழாவதாகப் பேச வந்தாள். நன்றாகத்தான் பேசினாள். எச்சரிக்கை மணி அடித்ததும் வார்த்தை நின்றுபோய் என்னையே பார்க்கிறாள். அடுத்த வரி எனக்குத் தெரியும், என்னையே பொய்யனாக்கும் வரி. பிள்ளை முகம் சுண்டுவதைப் பார்த்து எழுந்து கத்திவிட்டேன்: “என் தாத்தா முப்பத்தெட்டு வருஷமா ஒரு வார்த்தை மாறாம சொன்னாரு. மாறாம சொன்னதாலேயே அது உண்மை ஆயிடாது!”

அரங்கமே சிரித்தது, அவளும் சிரித்தாள். “அதனாலதான் வரலாறு படிக்கணும். நமக்குப் பிடிச்சவங்க சொன்னாலும் சரிபார்க்கணும்” என்று, நேரம் முடியுமுன் கணீரென்று முடித்தாள். எடுத்துக்கொடுத்ததற்கு ஐந்து மதிப்பெண் வெட்டியும் இரண்டாம் பரிசு. அடுத்த சுற்றுக்குத் தாத்தா வரவேண்டாம் என்று நடுவர் தனியாகச் சொல்லியனுப்பினார்.

ஆகவே தம்பி, சங்கு ஊதியது நீயே. இத்தனை வருஷம் உன்னைப் பொய்யன் என்றதற்கு மன்னித்துவிடு. உன் வீட்டார் எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன் (கைநாட்டு)

பி.கு.: கைநாட்டு வைத்த பிறகு பேத்தி பேனாவைக் கடித்துக்கொண்டு, “தாத்தா, பதிவேட்ட எழுதினது யாருன்னு கேட்கவே மறந்துட்டோமே” என்கிறாள். வெள்ளத்தன்று ஆலையில் நம் ஷிப்டில் எழுதத் தெரிந்தவன் ஒருவன்தான். அது நீ. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை நிறுத்திவைத்திருக்கிறேன். அடுத்த சுற்றுக்கு முன் கட்டாயம் வா. நம் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரிக்கப் போகிறாளாம். வரும்போது பேனா கொண்டுவராதே.