பிளாஸ்டிக் உறை போட்ட ஆட்சேபம்

'சரி-ஆனால்' என்றொரு இனம் உண்டு. எல்லா அலுவலகத்திலும் ஒன்றாவது இருக்கும், எல்லாக் குடும்பத்திலும் இரண்டு இருக்கும். முடிவெடுக்கும்வரை எதிர்ப்பது இதன் குணமில்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். முடிவெடுத்து, காபி குடித்து, கோப்பை கழுவி, எல்லோரும் வேலையில் இறங்கிய பிறகு, "சரி" என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தத் தலையைத் தவிர உடம்பில் வேறு எதையும் அசைக்காமல் நிற்பதுதான் இதன் குணம்.

உதாரணத்துக்கு நம் பட்டியல்காரரை எடுத்துக்கொள்வோம். ஊர் நூலகத்தில் புத்தகங்களைப் பிரித்து, எண் போட்டு, வரிசையாக அடுக்குகிறவர். அவர் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன்பு பச்சை நிற சோபா வாங்குவதென்று முடிவானது. அவருக்குப் பழுப்பு பிடிக்கும். சரி என்றார். அன்றிலிருந்து தரையில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார். விருந்தாளி வந்தாலும் தரைதான். "சரின்னு சொன்னீங்களே" என்று மனைவி ஒருநாள் கேட்டார். "வாங்கறதுக்குச் சரின்னேன். உக்கார்றேன்னு எப்ப சொன்னேன்?" என்றார். முட்டி வலி வந்து தைலம் தேய்த்துக்கொள்கிறாரே தவிர சோபாவில் ஏறுவதாக இல்லை.

இப்படிப்பட்டவர் பல்வலிக்கு விடுப்பெடுத்த நாளில்தான் நூலகத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. நூலகம் இரண்டு தெரு தள்ளிப் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. முப்பது அலமாரி, ஒன்பதாயிரம் புத்தகம். லாரி இல்லை. ஊர்க்காரர்கள் நூற்றிருபது பேர் வரிசையாக நின்று, கை மாற்றிக் கை மாற்றி, ஒவ்வொரு புத்தகமாகக் கொண்டுசேர்ப்பது என்று முடிவாகிவிட்டது. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து இதைக் கேட்டவருக்கு மறுகன்னமும் வீங்கிவிட்டது. பதினோரு வருஷம் அவர் ஒழுங்குபடுத்திய வரிசை அது. கை மாறினால் கலைந்துபோகாதா?

நூலகத் தலைவி நியாயமானவர். முடிவாகிவிட்டது என்று வாயை அடைக்காமல், உட்காரவைத்து முழுதாகக் கேட்டார். வரிசை கலையும், மழை வரும், நேரம் போதாது என்று மூன்று ஆட்சேபம். முதலாவதை அங்கேயே ஏற்றுக்கொண்டார்: ஒவ்வொரு புத்தகத்திலும் அலமாரி எண்ணோடு ஒரு சீட்டு, அதைச் சரிபார்த்துக் கொடுக்கும் முதல் ஆள் பட்டியல்காரரே. மழையைப் பற்றி, லாரி அடுத்த மாதம்தான் கிடைக்கும், பழைய கட்டடச் சாவியோ திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும், அதனால் துணிந்துதான் இறங்குகிறோம் என்றார். நேரத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். காலை ஏழுக்குத் தொடங்கி, பதினோரு மணிக்குள் பன்னிரண்டு அலமாரி போகாவிட்டால் நிறுத்திவிடலாம், சாவிக்கு அவகாசம் கேட்பது தன் பொறுப்பு என்றார்.

"உங்க ஆட்சேபத்தை எழுதிக் குடுங்க, கோப்புல வெச்சுக்கறேன். ஆனா அன்னைக்கு நீங்க முழுசா எங்களோட இருக்கணும் சார். முடியுமா?"

"சரி மேடம்."

அந்தச் 'சரி'யைக் கேட்டிருந்தால் உங்களுக்கே புரிந்திருக்கும்.

எழுதிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? அதே ஆட்சேபத்தை நூற்றிருபது பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டார். எதற்கு? திட்டம் கவிழ்ந்ததும் வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுக்கத்தான். தன் ஒழுங்கு குலையும் என்று ராத்தூக்கம் போன மனிதர், அது குலையப்போகும் நாளுக்கு இவ்வளவு ஆசையாக ஏற்பாடு செய்ததை என்னவென்று சொல்ல?

அந்த நாளும் வந்தது. வாசலில் பட்டியல்காரர், பையில் நூற்றிருபது பிரதி. அவருக்கு அடுத்து, கடையை அடைத்துவிட்டு வந்திருந்த முடிதிருத்துபவர். இது நடக்குமா என்று கேட்டவர்களிடமெல்லாம் பட்டியல்காரர், "எனக்கென்ன தெரியும், மேலிடத்து முடிவு" என்றார். ஒரு மணி நேரத்தில் அது வரிசையின் கடைசிவரை போய்விட்டது, புத்தகத்தைவிட வேகமாக. பொறுப்பில் இருப்பவருக்கே நம்பிக்கையில்லை என்றால் நமக்கென்ன என்று பலர் கையை மெதுவாக நீட்டத் தொடங்கினார்கள்.

மணி பத்து ஐம்பது. பதினோரு அலமாரி போயாயிற்று. பன்னிரண்டாவதில் நூற்றைம்பது புத்தகம் பாக்கி. இப்போது பட்டியல்காரரின் மூக்குக்கண்ணாடியில் திடீரென்று தூசி. கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். பத்தே நிமிஷம் துடைத்தால் போதும், ஜெயித்துவிடலாம்.

முடிதிருத்துபவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களாமே சார்?"

"ஆமா."

"எனக்கும் இது கிறுக்குத்தனமாத்தான் பட்டுது. போய் மேடம்கிட்ட சொன்னேன், அவங்க கேக்கலை. சரி, வந்துட்டோம். குடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அந்த 'சரி'யில் 'ஆனால்' எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பட்டியல்காரர் தேடிப் பார்த்தார், இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. திட்டம் தோற்பது வேறு, கண்ணாடி துடைத்துத் தோற்கடிப்பது வேறு. இப்படி ஜெயித்தால், தான் சொன்னதுதான் சரி என்று எப்படித் தெரியும்? தன் கை மந்தம் என்று மட்டும்தானே தெரியும்? கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேய் பிடித்தவர்போலக் கொடுக்கத் தொடங்கினார். பன்னிரண்டாவது அலமாரியின் கடைசிப் புத்தகம் வாசல் தாண்டியபோது பத்து ஐம்பத்தெட்டு. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "எண்ணைப் பாத்து வாங்குங்க, நல்லாப் போகுது" என்றார். அதைச் சொல்லும்போது வலித்த பல் இன்னும் கொஞ்சம் வலித்தது.

நாலு மணிக்கு, மூன்று அலமாரி பாக்கி இருக்கையில், அவர் ஆட்சேபம் எண் இரண்டு வானத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது.

நூற்றிருபது பேரும் அவரையே பார்த்தார்கள். 'அப்பவே சொன்னேன்' என்ற இரண்டே சொல்லை அந்த இனம் வாழ்நாள் முழுக்க வாயில் அதக்கி வைத்திருப்பது இப்படியொரு நிமிஷத்துக்காகத்தானே? பட்டியல்காரர் அந்த இரண்டு சொல்லையும் விழுங்கிவிட்டு, தலைவியிடம் ஓடினார்.

"மேடம், தூறல் விழுது. நிறுத்தறதா வேண்டாமான்னு நீங்க இப்பவே சொல்லணும்."

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"மூணுதான் பாக்கி. மூடறதுக்கு ஏதாவது இருந்தா முடிச்சிடலாம்."

"இருக்கா?"

அவர் பையைப் பார்த்தார். பை அவரைப் பார்த்தது.

"இருக்கு மேடம்" என்றார், பல் வலித்த அன்றுகூட வராத குரலில்.

ஆளுக்கொன்றாக அவரே வரிசை முழுக்க நடந்து கொடுத்தார். "எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கட்டும், புத்தகத்து மேல வெச்சுப் பிடிங்க" என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். திட்டத்துக்கு எதிரான நூற்றிருபது ஆட்சேபங்களின் கீழே, தொள்ளாயிரம் புத்தகங்கள் நனையாமல், வரிசை கலையாமல் புதுக் கட்டடம் போய்ச் சேர்ந்தன. முடிதிருத்துபவர் மட்டும் திருப்பிப் படித்துப் பார்த்துவிட்டு, நல்ல கெட்டியான உறை என்று பாராட்டினார்.

சாயங்காலம் நகராட்சி அதிகாரி வந்து, இது யாருடைய யோசனை என்று கேட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நாங்க எடுத்த முடிவு சார்" என்றார் பட்டியல்காரர்.

மறுநாள் தலைவியிடம் போய், அடுத்த முறை வானிலை பார்த்துத் தேதி வைக்கலாம் என்று தனியாக ஒருமுறை சொன்னார். அவர் குறித்துக்கொண்டார். பட்டியல்காரர் வீட்டுக்குப் போய்ப் பச்சை சோபாவில் உட்கார்ந்தார். மெத்தென்று இருந்தது. மனைவி பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போனார். அந்தம்மாவும் ஒரு வார்த்தை விழுங்கியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகம் வந்திருப்பார். அவருக்குப் படித்துக் காட்ட வேண்டுமென்றும் தோன்றியிருக்கும். அதற்கு முன் ஒரு சின்னக் கேள்வி: வீட்டில் அத்தனை நாற்காலி இருக்க, நீங்கள் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?