குடியிருப்போர் சங்கமும் கைப்பிடிப் பூனையும்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அமைதிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குந்தகம் விளைந்தது. குந்தகம் சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அகலம்தான் இருந்தது. தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு "மீ" என்றது. "மியாவ்" என்று முழுசாகச் சொல்லக்கூட அதற்குத் தெம்பில்லை.

முதலில் பார்த்தவள் மூன்றாம் மாடி வாலு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் யாருக்கும் அது ஞாபகமில்லை. ஓடிப்போய்த் தூக்கப் போனவளை அம்மா பிடித்து நிறுத்தினாள்.

"தொடாதேடி! தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கும். நாம பக்கத்துல நின்னா அது வராது."

இருவரும் மாடிப்படியில் ஒளிந்து பார்த்தார்கள். பொழுது சாயும்வரை தாய் வரவில்லை.

"இங்கேதான் குட்டி போட்டுச்சு பாப்பா. ரெண்டு நாளா தாயைக் காணோம்" என்றார் காவலாளி.

குட்டியை ஒரு துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அட்டைப்பெட்டிதான் வீடு, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்தான் கணப்பு. அன்றிரவே விலங்கு டாக்டரம்மா அதன் வாயைத் திறந்து பார்த்தார்.

"பல்லு முளைச்சிடுச்சு. பால் குடுத்தியா?"

"இனிமேதான் டாக்டர். ஒரு டம்ளர்."

"குடுத்துடாதே! மாட்டுப்பால் வயித்தைக் கலக்கிடும். குட்டிப்பூனைங்களுக்குன்னு விக்கிற சாப்பாட்டை வெதுவெதுப்பான தண்ணியில குழைச்சு, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடு. குடிக்கத் தண்ணி தனியா வை. பூச்சி மருந்து இன்னைக்கே குடுத்துடறேன். ரெண்டு மாசம் ஆனதும் தடுப்பூசி. பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை கட்டிடுங்க. பூனை விழாதுன்னு நம்பிடாதீங்க, விழும்."

சாப்பாடு முடிந்ததும் வாலு அதை மணல் தட்டில் விட்டு, விரலால் மணலைக் கிளறிக் காட்டினாள். குட்டி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. பிறகு தன் வேலையை முடித்து, மணலைத் தள்ளி மூடியது. தன் அசுத்தத்தைத் தானே மூடிய முதல் குடியிருப்பாளர் என்ற பெருமை இவ்வாறாக அதற்குச் சேர்ந்தது.

சங்கம் சும்மா இருக்குமா? அவசரக் கூட்டம் கூடியது. செயலாளர் தொண்டையைச் செருமினார். அவர் செருமினாலே தீர்மானம் நிறைவேறியது மாதிரி.

"விதி தெளிவாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்த எந்த உயிருக்கும் இங்கே இடமில்லை. இது என்ன ரகம்?"

"பூனை ரகம் அங்கிள்" என்றாள் வாலு.

முதல் மாடி நாகரிக அக்கா மூக்கைச் சுளித்தாள். அவள் நாய்க்கு மழைக்கோட்டு உண்டு, வெயிலுக்குக் கண்ணாடி உண்டு, நடக்கத்தான் நேரமில்லை. "தெருப்பூனையா? என் நாய் மனசு உடைஞ்சு போயிடும்!"

"ஆகவே வெளியேற்றுகிறோம்" என்றார் செயலாளர்.

குட்டி வாலுவின் மடியில் குர்குர் என்று தூங்கிக்கொண்டிருந்தது.

"அங்கிள், அது வெளியிலேருந்து வரலையே! மோட்டார் ரூமுக்குப் பின்னாடிதான் பிறந்துச்சு. நீங்க எங்கே பிறந்தீங்க?"

"நானா? ஆஸ்பத்திரியில்."

"அது நம்ம காம்பவுண்டுக்குள்ளயா இருக்கு?"

ஒருவர் பின் ஒருவராக விசாரித்ததில், தலைவர், பொருளாளர், நாகரிக அக்கா, நாய் உட்பட அனைவரும் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது ஐயமற நிரூபணமாயிற்று. விதிப்படி பூனை மட்டும் இருக்கலாம். மற்றவர்கள் கிளம்ப வேண்டும்.

செயலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "விதியைப் பெருந்தன்மையோடு திருத்துவோம். பூனையும் இருக்கட்டும், நாமும் இருப்போம்."

வாலு குட்டியை இறுக்கி அணைத்தாள். அது கண்ணைத் திறக்காமலே ஒரு கொட்டாவி விட்டது.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் "இந்தக் கட்டடத்தின் ஒரே பூர்வகுடி" என்று செய்தி பரவியதும், அதே ரகப் பூனை வேண்டுமென்று வீட்டுக்கு வீடு ஆசை கிளம்பிவிட்டது. ஒரு மாலை, செயலாளரும் நாகரிக அக்காவும் இன்னும் பாதிக் கட்டடமும் வாசலில் நின்று கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"அசல் தெரு ரகம் எந்தக் கடையில கிடைக்கும்?"

"சாம்பல் நிறம் இருக்கான்னு கேளுங்க."

அப்போது தெருவிலிருந்து வேறொரு சாம்பல் குட்டி வந்து செயலாளரின் காலை உரசி, "மீ" என்றது.

"ச்சூ, போ அந்தப் பக்கம்! முக்கியமான வேலையா இருக்கோம்ல?" என்று அவர் காலை உதறினார்.

வாலு ஓடிவந்தாள். "அங்கிள், நீங்க தேடற ரகம் இதுதான்!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். செயலாளர் நிமிர்ந்தார்.

"அது எப்படிம்மா? இது சும்மா தெருவுலல்லவா கிடக்குது!"