மஞ்சள் சட்டையும் ஏரிக்கரையும்

மனைவி போனில் காட்டுகிற போட்டோவை, வேலை ஆர்டர் என்று எடுத்துக்கொண்டு அப்படியே செய்துகொடுத்த கணவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரை எங்கள் அபார்ட்மென்டில் டெஸ்டர் என்போம். அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ஐயப்பன்தாங்கலில் எனக்கு எதிர் ஃபிளாட்.

அவர் மனைவி உமாவுக்கு ஒரு பழக்கம். சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டி, "ஏங்க, சுதாவும் அவ புருஷனும் எப்படி இருக்காங்க பாருங்க" என்பார். சுதா அவருடைய காலேஜ் தோழி. வேறு கணவராக இருந்தால் "ஆமாம்" என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டிருப்பார். டெஸ்டர் போனை வாங்கி, போட்டோவைப் பெரிதாக்கிப் பார்ப்பார். அடுத்த சனிக்கிழமை என் காலிங் பெல் அடிக்கும்.

"மச்சான், சும்மா தானே கீற? வா, ஒரு போட்டோ எடுக்கணும்."

சுதாவின் கணவர் மனைவியைத் தூக்கிக்கொண்டு படியேறும் ரீல்ஸ் வந்தது. டெஸ்டரும் தூக்கினார். முதல் மாடி வரை அவர் உமாவைத் தூக்கினார். அதற்குமேல் மூன்றாம் மாடி வரை நானும் உமாவும் அவரைத் தூக்கினோம். பிறகு மெழுகுவர்த்தி விருந்து. ஃபேன் போட்டால் மெழுகுவர்த்தி அணைகிறது, போடாவிட்டால் மனுஷன் அவிகிறான். வேர்க்க வேர்க்க இருவரும் பரோட்டா தின்றதை நான் நாலு கோணத்தில் எடுத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொன்றும் முடிந்த மறுநாள் உமா வேறொரு ஜோடியைக் காட்டுவார். டெஸ்டர் என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார்: "தப்பான ஆளைக் கட்டிகிட்டோம்னு நெனைக்கிறா போல மச்சான்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கடைசியாக வந்தது ஒரு மலைப்பாதை போட்டோ. சுதாவும் கணவரும் மஞ்சள் உடையில், பனிக்குள் நடக்கிறார்கள். எங்களுக்கு ஏது மலை? செம்பரம்பாக்கம் ஏரிக்கரைதான். புதிதாக ஒரு மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்தார் டெஸ்டர். ஒரு கையில் போன், அதில் சுதாவின் போட்டோ. பின்னால் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"தலையை கொஞ்சம் சாய்ச்சிக்கோ உமா. அதுல அப்டித்தான் கீது."

உமா சாய்க்கவில்லை. புடவையோடு கரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இது வேண்டாங்க. இதைப் பார்த்தா என்னைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்கு."

"கிண்டலா? நீ ஒவ்வொரு வாட்டி போனை நீட்டும்போதும் எனக்கு ஃபெயில் மார்க் காட்டுற மாதிரி கீது. நான் ஒரு நாளாவது உன்னை இன்னொருத்தியோட வெச்சிப் பார்த்திருக்கேனா?"

உமா நிமிர்ந்து பார்த்தார். இது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை என்று முகம் சொன்னது. நான் ஆடுகளைக் கவனிக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து டெஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் போட்டோ இருந்த போனை உமாவிடம் கொடுத்தார். "சரி, இதுல உனக்கு எது வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

உமா நெடுநேரம் பார்த்தார். மலையைத் தொடவில்லை, உடையைத் தொடவில்லை. சுதாவின் கணவர் முகத்தைத் தொட்டுக் காட்டினார். "அவ ஏதோ சொல்றா. அவர் கேட்டுக்கிட்டே நடக்கறாரு. நீங்க ஹெட்செட்டை மாட்டிக்கிட்டே சோறு திங்கறீங்க. போனைக் காட்டினாதான் என் பக்கம் திரும்பறீங்க."

டெஸ்டர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "அதுக்கா நான் மஞ்ச சட்ட வாங்குனேன்" என்றார். உமா சிரித்துவிட்டார்.

சுதா வீட்டில் நிஜத்தில் என்ன நடக்கிறது என்று எங்கள் மூவருக்குமே தெரியாது. அதைத் தோண்டி, 'அவர்களும் சண்டைக்காரர்கள்தான்' என்று நிரூபிக்க டெஸ்டர் கிளம்பாததுதான் ஆச்சரியம். அங்கேயே ஓர் ஏற்பாடு ஆயிற்று. சாப்பிடும்போது அவர் காதில் ஒன்றும் இருக்காது. உமா 'அவங்களைப் பாருங்க' என்பதற்குப் பதில் 'எனக்கு இது வேணும்' என்று நேராகக் கேட்பார். பார்த்தாலே மனசு கெடுகிற இரண்டு பேரின் பதிவுகள் கண்ணில் படாதபடி உமாவே மாற்றிவைத்தார். சுதா தோழியாகவே இருந்தார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? ஒரு மாலை உமா, "சுதா வீட்ல எல்லாம்..." என்று ஆரம்பித்தது எனக்கே கேட்டது. பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். "எனக்கு வெளிய போகணும் போல இருக்கு" என்றார். இருவரும் மாங்காட்டுக்கு பஸ் ஏறிப் போனார்கள். என்னைக் கேமராவோடு கூப்பிடவில்லை.

அப்புறம் வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன மாதம் பார்க்கப் போனேன். கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே உமா தன் ஆபீஸில் நடந்த ஏதோ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டெஸ்டர் என்னைப் பார்த்தார். 'இரு' என்று கையைக் காட்டிவிட்டு உமா பக்கம் திரும்பிக்கொண்டார். கதை முடிகிற வரை இனிப்புப் பெட்டியோடு வெயிலில் நின்றேன். வேறு யார் வீடாக இருந்தாலும் கோபித்துக்கொண்டு திரும்பியிருப்பேன். அந்த மனுஷனுக்காக இன்னும் கொஞ்ச நேரம்கூட நின்றிருப்பேன்.