ஒரு ஷாட்டுக்கு இருபத்து மூன்று வினாடி

அக்கா இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்தே எனக்கு முழு நம்பிக்கை இல்லை. இரண்டு படங்கள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துமா என்று வருஷக்கணக்காக ஓர் உறுத்தல்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அத்தானுக்கு ஒரு படத்தின் மேல் உயிர். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரும் அவர் மகளும் பேச்சுவார்த்தையில்லாமல் ஒரே வீட்டில் வாழும் படம். பதினொரு தடவை பார்த்தாயிற்று. அதே போல இன்னொன்று வேண்டும். 'குடும்பப் படம்' என்று தேடினால் கிடைத்ததெல்லாம் அழுகையும் ஆஸ்பத்திரியும்.

அத்தான் சூளுரைத்தார். இனி என்ன வகைக் கதை என்ற பேச்சே இல்லை; எடுத்த விதம்தான் கணக்கு.

நோட்டோடு உட்கார்ந்தார். முதல் பத்து நிமிஷத்தில் வெட்டு விழாமல் ஓடும் ஷாட் எத்தனை? இருபத்தாறு. ஆக ஒன்றுக்குச் சராசரி இருபத்து மூன்று வினாடி. ஓரிடத்தை நம்பக்கூடாதென்று நடுவிலும் கடைசியிலும் எண்ணினார்; கணக்கு மாறவில்லை. கேமரா உட்கார்ந்தவர் கண் மட்டத்தில் இருக்கிறது, அசைவதில்லை. முகத்தை நெருங்காமல் வாசல்நிலைக்கு அப்பால் நின்றே பார்க்கிறது. வெளிச்சம் ஒரே ஜன்னலிலிருந்து. இயக்குநர் ஆட்களை முதுகு காட்டிப் பேச விடுகிறார். ஆள் போன பிறகும் வெட்டாமல் காலி அறையைக் காட்டுகிறார்கள். அடுத்த காட்சியின் சத்தம் முன்னாலேயே வந்துவிடுகிறது.

இத்தனையும் பொருந்தினால், எந்தப் படமானாலும் சனிக்கிழமை மத்தியானம் கடைசிவரை அசையாமல் பார்ப்பதாக, பக்கத்துக் கடைத் தையல்காரர் முன்னிலையில் வாக்குக் கொடுத்தார். தோற்றால் சனிக்கிழமைப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அக்காவுக்கு. இருபது வருஷமாக அதை அவர் விட்டுக்கொடுக்காததற்கு ரகசியக் காரணம் ஒன்று உண்டு. மனிதருக்குப் பேய் என்றால் குலை நடுங்கும். வெளியே சொல்வது மட்டும், "அதெல்லாம் நம்ம தரத்துக்கு வராது."

இரண்டே நாளில் அக்கா ஒரு படத்தோடு வந்தாள்.

"பேய்ப் படமா?"

"வகையப் பத்திப் பேசக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அத்தான் தப்பிக்க வழி தேடி எண்ணினார். முதல் பத்து நிமிஷத்தில் இருபத்தைந்து. "ஒண்ணு குறையுது" என்று முகம் மலர்ந்தது. நடுவிலும் எண்ணச் சொன்னாள் அக்கா. அங்கே இருபத்தேழு; சராசரி அதே இருபத்தாறு.

கடிகாரப் படத்தில் அவரை உருக வைத்த காலி அறைதான் இங்கேயும். ஆனால் இப்போது யார் வருவார்களோ என்று காத்திருக்க வேண்டியிருந்தது. முதுகு காட்டி நிற்பது மனுஷிதானா? எங்கோ கேட்கிற காலடி எந்தக் காட்சிக்குச் சொந்தம்? பதினெட்டாவது வினாடியில் அலமாரிக் கதவு தானாகத் திறந்தது. எதுவும் வரவில்லை. அத்தானின் இரண்டு காலும் சோபாவுக்கு மேலே வந்துவிட்டன.

"வெட்ட மாட்டேங்கிறான்டி."

"நல்ல டைரக்டர் அவசரப்பட்டு வெட்ட மாட்டார்னு நோட்டுல எழுதியிருக்கீங்களே."

இருபத்தோராவது வினாடியில் எழுந்து ஓடியவர் சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்தார். அன்று முதல் சனிக்கிழமைகள் அக்காவுடையவை.

போன மாதம்தான் அவளிடம் கேட்டேன்.

"நோட்ட வெச்சு ரெண்டே நாள்ல தேடிப் புடிச்சேன்னு சொன்னியே அக்கா, அதுக்கு முன்னாடி அந்தப் படத்த நீ எத்தனை தடவை பாத்திருந்த?"