மூன்று கிழமைக்கு முந்திய ஆனந்தக் கண்ணீர்

இரவல் வாய்க்காரர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் அழைப்பிதழில், 'எனக்கு ஒரு வயது நிறைவடைகிறது, என்னை ஆசீர்வதிக்க அன்புடன் அழைக்கிறேன்' என்று அச்சடித்திருந்ததே, அதை யார் எழுதியது? பிள்ளை அன்று கதிரைக் காலைக் கடித்துக்கொண்டிருந்தது. பளையில் ஒரு பெரியவரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில், செத்தவரே தன் செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தார். பந்தல்காரரைக்கூடப் பெயர் சொல்லி மறக்காமல் சொல்லியிருந்தார். செத்தவருக்குப் பந்தல் போட்டவரின் பெயர் எப்படித் தெரியும்?

அவருக்குத் தெரியாது. இரவல் வாய்க்காரருக்குத் தெரியும்.

இவரை இனங்காண்பது சுலபம். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். இப்போது பேனாவுக்குப் பதிலாகக் கைப்பேசி. நீங்கள் ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தால், "நீ சொல்ல வாறது எனக்கு விளங்குது" என்று உங்களை மறித்து, நீங்கள் சொல்ல நினைக்காத ஒன்றை உங்களைவிட அழகாகச் சொல்லி முடிப்பார். கோபம் வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டுவிட்டு வந்த என்னைப் போன்றவளுக்கு, எழுத்துத் தெரிந்த ஒருவர் நம் மனதை எழுதித் தருகிறாரே என்று நன்றியும் வரும். பிள்ளையார் சாட்சியாகச் சொல்கிறேன், அவர்கள் மனதில் கள்ளம் கிடையாது. கள்ளம் இருந்தால் திருத்திவிடலாம்.

எங்கள் வட்டக்கச்சியில் இந்த இனத்தின் தலைமகன் தில்லைநாதன். கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை பிரேமிளா என் பக்கத்து வீடு. பிரேமிளாவின் மகள் யதுர்ஷிகா பதினொரு வருடம் பரதம் பழகி, போன ஆவணியில் கிளிநொச்சி மண்டபமொன்றில் அரங்கேறினாள். அரங்கேற்றம் என்றால் என்ன? குரு இருக்கிறார், பக்கவாத்தியம் இருக்கிறது, பிரதம விருந்தினர் இருக்கிறார், ஆடுவதற்கு ஒரு பிள்ளையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேஸ்புக்கில் படத்துக்குக் கீழே போடுகிற கப்ஷன் இருக்கிறது. வந்தவர்கள் வீடுபோய்ச் சேருமுன் அது வெளிவந்துவிட வேண்டும். 'நான்' என்று ஆடியவளே எழுதியதாக இருக்க வேண்டும். ஆடியவள் அப்போது கொண்டை ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருப்பாள். ஆகவே?

ஆகவே தில்லைநாதன் மூன்று கிழமைக்கு முந்தியே எழுதிவிட்டார். யதுர்ஷிகாவின் பெயரில் கணக்குத் திறந்து கொடுத்தவரும் அவரே. அது அவருடைய கைப்பேசியில்தான் குடியிருந்தது. முற்றத்தில் நின்று எங்களுக்கு வாசித்துக் காட்டினார்:

'ஆடல்வல்லானின் அருளாலே, மழைத்துளிகள் மேலிருந்து வாழ்த்த, என் ஆருயிர் மாமா தன் திருக்கரத்தால் சலங்கை கட்டிவிட, என் குரு ஆனந்தக் கண்ணீர் வடிக்க, இன்று நான் அரங்கேறினேன்.'

இதற்குக் கீழே நாற்பது வரி. கைப்பேசி முதல் சில வரிகளைத்தான் காட்டும், மற்றதெல்லாம் 'மேலும் பார்க்க' என்பதற்குள் ஒளிந்துவிடும், அதனால் முக்கியமானவர்கள் மேலே நிற்க வேண்டும் என்று விளக்கினார். கடவுள், மாமா, குரு மேலே நின்றார்கள். பெற்ற தகப்பன், ஒலிபெருக்கிக்காரருக்கும் சோடனைக்காரருக்கும் நடுவில் ஒளிந்திருந்தார்.

"மாமா, இன்னும் ஆடவே இல்லையே" என்றாள் யதுர்ஷிகா.

"உன்ர மனசில இருக்கிறதைத்தான் பிள்ளை எழுதியிருக்கிறன்."

இத்தோடு நின்றிருந்தால் இவர் சாதாரண இரவல் வாய்க்காரர். தலைமகன் அப்படி நிற்பாரா? எழுதியது எழுதியதுதான், இனி நடப்பதல்லவா அதற்கு ஏற்றபடி நடக்க வேண்டும்.

ஆவணியில் வன்னியில் மழை ஏது? அரங்கேற்றத்தன்று பகல் முழுவதும் வானத்தைப் பார்த்தார். வெயில் மண்டபத்துக் கூரையை வறுத்தது. மூன்று மணிக்கு வாசலில் நின்ற பெண்பிள்ளையிடமிருந்து பன்னீர்ச் செம்பை வாங்கி, வந்தவர்கள் மேல் தானே தெளிக்கத் தொடங்கினார். வாசலில் பன்னீர் தெளிப்பது வழக்கந்தான், இரண்டு துளி. இவர் செம்பு செம்பாகத் தெளித்தார். பன்னீர் முடிந்து குழாய்த் தண்ணீருக்கு வந்தார். பிரதம விருந்தினர் குளத்தில் குளித்து எழுந்தவர் போல முன்வரிசையில் வந்து அமர்ந்தார். மழைத்துளி வாழ்த்தியாயிற்று.

பிறகு குருவிடம் போனார். ஞானேஸ்வரி டீச்சர் மேடை ஓரத்தில் நட்டுவாங்கத்துக்கு அமர்ந்து, தாளக் கைமணிகள் இரண்டையும் ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தா. படம் எடுப்பவரையும் கூட்டிக்கொண்டு போய், கண்ணைத் துடைக்கிற மாதிரி ஒருக்கால் இருக்கச் சொல்லிக் கேட்டார்.

"ரெண்டு கையிலயும் தாளம் இருக்கு ஐயா" என்றா டீச்சர்.

"அப்ப துடைக்க வேண்டாம். அழுங்கோ."

அடுத்தது சலங்கை. மேடையில் நடராசர் முன்வைத்துப் பூசை செய்த சலங்கையைக் குரு எடுத்து மாணவியின் கையில் கொடுப்பார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போய்த் தானே கட்டிக்கொண்டு வருவாள். கட்டுவதிலும் ஒரு முறை உண்டு. மணிகள் வரிசையாகத் தைத்த தோற்பட்டியைக் கணுக்காலுக்கு மேலே சுற்றி, கயிற்றைப் பின்னால் மாறிப் போட்டு, இறுக்கி முடிந்து, நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். தலைக்குப் பூ வைக்க நான் உள்ளே நின்றேன். வலது காலைக் கட்டி முடித்து யதுர்ஷிகா இடது காலுக்குக் குனியும்போது மாமா வந்து நிலத்தில் அமர்ந்தார். கூடவே படம் எடுப்பவர். செருகிய நுனி படத்தில் தெரியாது என்பதால், புத்தகப் பரிசுப் பொதிக்குப் போடுவது போல இரண்டு காது வைத்துப் பூமுடிச்சுப் போட்டார். அழகாகத்தான் இருந்தது. பிள்ளை அதை அவிழ்த்துக் கட்டக் கை வைத்தாள். அதற்குள் வெளியே முதல் உருப்படிக்கு அறிவிப்புச் செய்துவிட்டார்கள்.

அலாரிப்புக்கு முடிச்சுத் தாங்கியது. ஜதீஸ்வரத்துக்கும் தாங்கியது. அடுத்த உருப்படியான சப்தத்தில் முடிச்சின் ஒரு காது சுருங்கியது. வர்ணம் வந்தது. அரங்கேற்றத்தில் ஒரு பிள்ளையின் மூச்சையும் முழங்காலையும் ஒன்றாகச் சோதிக்கிற உருப்படி அதுதான். முக்கால் மணித்தியாலம் நிற்க இடமில்லை. முருகனை எதிர்பார்த்திருக்கும் நாயகியின் பாட்டு. டீச்சர் ஜதி சொல்லச் சொல்ல, கால் தட்டி ஆடும் மூன்றாவது தீர்மானத்தின் கடைசித் தட்டில், இடது சலங்கை அவிழ்ந்து பாதத்தின் மேல் விழுந்தது. நான் திரைக்குப் பின்னால் பூச்சரத்தோடு நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டேன். ஆட்டத்தை நிறுத்தினால் பதினொரு வருடம் போயிற்று. நிறுத்தாமல் ஆடினால் மணி காலில் சிக்கி விழ வேண்டியதுதான்.

தீர்மானம் முடிந்தால் பாட்டு வரி, வரிக்கு அபிநயம். அந்த வரியை எத்தனை தரமும் பாடலாம், ஆடுகிறவள் ஒவ்வொரு தரமும் வேறு வேறு விதமாகப் பாவம் காட்டுவாள். முள்ளியவளையிலிருந்து வந்து பாடிக்கொண்டிருந்த அனோஜா, பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தா. பார்த்துவிட்டு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மிருதங்கம் தணிந்தது. டீச்சரின் தாளம் மட்டும் அசையாமல் போனது. யதுர்ஷிகா மெதுவாக ஒரு காலை மடித்து அமர்ந்தாள். இன்னும் அவன் வரவில்லையே என்ற கோபத்தில் நாயகி சலங்கையைக் கழற்றி எறியப் போகிறாள், எறியவில்லை. தூரத்தில் மயில் அகவுகிறதோ என்று காது கொடுக்கிறாள். ஒருவேளை வந்துவிட்டால்? வெட்கம். சலங்கையைக் கையில் எடுக்கிறாள். கயிற்றைப் பின்னால் மாறிப் போட்டு, இறுக்கி முடிந்து, நுனியை உள்ளே செருகி, எழுந்து நிற்கிறாள்.

மண்டபம் கைதட்டியது. ஈரமாக இருந்த பிரதம விருந்தினரும் தட்டினார். எல்லாரும் அதைப் பழகி ஆடிய கட்டம் என்றே நினைத்தார்கள்.

தில்லானாவும் மங்களமும் முடிந்து உள்ளே வந்தவுடன் மாமா கைப்பேசியை நீட்டினார். இந்த இனத்துக்கு ஒரு நேர்மை உண்டு: எழுதுவது தாங்களானாலும் கடைசியில் அமத்துவது உரியவரின் விரலாக இருக்க வேண்டும். பிறந்தநாள் அழைப்பைக் கைப்பேசியில் அனுப்பும்போது ஒரு வயதுப் பிள்ளையின் விரலையும் பிடித்து அமத்தியவர்தான்.

யதுர்ஷிகா வாசித்தாள். வியர்வையில் மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. "மாமா, இதில நான் இல்லை."

"ஏன் இல்லை? பன்னிரண்டு இடத்தில 'நான்' எண்டு போட்டிருக்கிறன்."

"சலங்கை அவிண்டதைப் போடவேணும். அனோஜா அக்காதான் என்னைக் காப்பாத்தினவா."

பிரேமிளா, அபசகுனத்தை ஊருக்குச் சொன்னால் நாளைக்குப் பிள்ளையை ஆர் கேட்டு வருவினம் என்று தொடங்கினா. மாமா, சனம் கலை என்று நினைத்ததை நீயே பிழை என்று சொல்லலாமோ என்று கேட்டார். டீச்சர், பிள்ளை சொல்வது உண்மைதான், ஆனால் தான் தாளத்தை விடாததையும் யாராவது சொன்னால் நல்லது என்றா. பஸ்ஸுக்குப் பையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த அனோஜா மட்டும் திரும்பி, "ஏழு தரம் பாடினனான் பிள்ளை, எண்ணிப் போடு" என்றுவிட்டுப் போனா.

யதுர்ஷிகா கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாற்பது வரியையும் அழித்தாள். செம்பஞ்சு பூசிய விரல் கைப்பேசிக் கண்ணாடியில் சிவப்புச் சிவப்பாகப் பதிந்தது. பிறகு எழுதினாள்:

'வர்ணத்தில் என் இடது சலங்கை அவிழ்ந்தது. அனோஜா அக்கா அந்த வரியை ஏழு தரம் பாடினார். டீச்சர் தாளத்தை விடவில்லை. நான் இருந்து கட்டிக்கொண்டு மிச்சத்தை ஆடினேன். வலது காலுக்கு முதலில் கட்டியது நான். இடது காலுக்குக் கட்டியது தில்லைநாதன் மாமா.'

அமத்தினாள். நான் மாமாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து பூக்கூடையைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, ஒரு தரம் வாசித்து, மறுதரமும் வாசித்தார்.

"ஆறே வரி. 'மேலும் பார்க்க' வராது" என்றார். "என்ர பேர் வெளியிலயே நிக்குது."

அங்கேயே நின்று கனடாவிலிருந்து நெடுங்கேணி வரை தன் ஆட்கள் எல்லாருக்கும் அனுப்பினார். ஒரு கிழமைக்குள் நானூறு பேர் கைகூப்பியிருந்தார்கள். மூன்று குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கும் தில்லைநாதன் அண்ணைதான் வந்து இடது காலுக்குச் சலங்கை கட்டிவிட வேண்டும் என்று எழுதியிருந்தன. அவர் இப்போது பூமுடிச்சைப் பழகிக்கொண்டிருக்கிறார்.

இந்த இனத்தைப் பார்த்துச் சிரிக்கிற எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. யதுர்ஷிகா சொல்ல விரும்பியதை ஆறு வரியில் சொல்லிவிட்டாள். நாயகி என்ன நினைத்தாள், பிள்ளை ஏன் எழுதினாள் என்று அவள் கேட்காமலே இத்தனை பக்கம் சொன்னது யார்? பூ வைக்கப் போன நான். போகட்டும். நீங்கள் இதை வாசித்து முடித்ததும் யாருக்கோ அனுப்பி, 'இதில் சொல்ல வருவது என்னவென்றால்' என்று மேலே இரண்டு வரி சேர்க்கப் போகிறீர்களே, கையை எடுங்கள்.